மை படாத விரல்கள்

லுபெம்பே கரையில் எனிஃபாவை யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. நேரில் "சிஸ்டர்". முதுகுக்குப் பின்னால் "மிளகாய்". இரண்டாவது பெயர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. "மிளகாய் இல்லாம நீங்க மீன் திங்கிறீங்களா?" என்பாள்.

எங்கள் சுகாதார நிலையத்துக்கு அவள்தான் பொறுப்பு நர்ஸ். நான் அங்கே மருந்து கொடுக்கிறவன். அவளோடு வேலை செய்த ஏழெட்டு வருடத்தில் அவள் கோபப்படாத வாரம் என்று ஒன்றை எனக்கு நினைவில்லை. ஆனால் தனக்காக அவள் கோபப்பட்டதும் எனக்கு நினைவில்லை. ஒருமுறை தொகுதிப் பெரிய மனிதர் ஒருவர் படம் பிடிக்கிறவர்களோடு பிரசவ அறைக்குள் நுழையப் பார்த்தார். "உள்ள ஒருத்தி வலியில கத்திக்கிட்டு இருக்கா. உங்க அம்மா உங்களப் பெத்தப்ப இத்தனை பேரு நின்னு பாத்தாங்களா?" என்று கேட்டு, வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள். அவர் திரும்பிப் போனார். அந்த வருடம் எங்களுக்கு வரவேண்டிய புதுக் கட்டில்கள் வரவில்லை. அவள் கணவர் சையிதி, சைக்கிள் பழுது பார்க்கிறவர், சாதுவான மனிதர். "ரெண்டு கட்டிலு போச்சு, ஒரு மானம் மிஞ்சுச்சு. வியாபாரம் நஷ்டம் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மழைக்காலத்தில் ஏரிக்கரை முழுவதும் காலரா வந்தது. பெஞ்சேயில் தொடங்கி, மீன் வாங்க வருகிறவர்களோடும் வலை தூக்குகிறவர்களோடும் கரை கரையாக இறங்கி வந்தது. எங்கள் வட்டாரத்துக்குத் தடுப்பு மருந்து ஒதுக்கினார்கள். ஊசி இல்லை, சின்னக் குப்பியை உடைத்து வாயில் ஊற்றிக் குடிப்பது. குடித்தவர்களின் இடது சுண்டுவிரலில் மை வைப்போம், ஒருவரே இரண்டுமுறை வந்துவிடக் கூடாது என்பதற்காக. மருந்து இரண்டு லோடாக வரும் என்றார்கள். முதல் லோடு பாதிப் பேருக்கு. அது தீர்வதற்குள் மீதிப் பாதிக்கு இரண்டாவது லோடு.

முதல் லோடு லுபெம்பேயில் இரண்டாம் நாள் மத்தியானமே தீர்ந்துபோனது. வரிசை அப்போதும் மாமரத்தைத் தாண்டி, மீன் காயவைக்கும் மேடைகள் வரைக்கும் நின்றது. வெயிலில் குழந்தைகளைச் சுமந்துகொண்டு காலையிலிருந்து நிற்கிறவர்கள். காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன். முணுமுணுப்பு கிளம்பியது.

எனிஃபா கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு படகின்மேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. திங்கக்கிழமை அடுத்த லோடு வருது. இது ஆபீஸ் சொல்ற பேச்சு இல்ல, நான் சொல்றேன். இன்னிக்கு நின்னவங்கதான் அன்னிக்கு முதல்ல."

எஸ்னாத் என்று ஒருத்தி, பொடிமீன் காயவைத்து விற்கிறவள், கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தாள். "வரலேன்னா?"

"வரலேன்னா என் வீட்டு வாசல்ல வந்து உக்காரு. சோறு நான் போடுறேன்."

எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். எஸ்னாத்தின் கணவன் சேலே அன்று ஏரிக்குள் இருந்தான். அவனுக்காகவும் இடம் பிடிக்கத்தான் அவள் நின்றிருந்தாள்.

திங்கட்கிழமை லோடு வரவில்லை. ரேடியோதான் வந்தது.

காலைச் செய்தியில் எங்கள் வட்டாரத்தின் பெயரைச் சொன்னார்கள். காலரா மருந்து கொடுப்பதில் நாட்டுக்கே முன்மாதிரி என்றார்கள். முப்பத்தெட்டாயிரம் பேரில் முப்பத்தேழாயிரத்து இருநூறு பேர் குடித்துவிட்டார்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் என்றார்கள். வட்டார சுகாதார அதிகாரி டாக்டர் கலூவாவின் குரலும் வந்தது. அடிமட்ட ஊழியர்களுக்கு நன்றி சொன்னார்.

நான் நிலையத்தின் கதவைத் திறக்கும்போதே வாசலில் ஐம்பது அறுபது பேர். யாரும் கத்தவில்லை. முன்னால் நின்ற கிழவர் இடது கையைத் தூக்கிச் சுண்டுவிரலை நீட்டினார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக விரலை நீட்டினார்கள். ஒரு விரலிலும் மை இல்லை.

"சிஸ்டர், ரேடியோவுல நாங்க குடிச்சிட்டோமாம். எங்க வயித்துக்குத்தான் தெரியல!" என்றார் கிழவர்.

"என் பங்க யாரு குடிச்சாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. அவங்களுக்கு ரெட்டைப் பலமா இருக்கும்" என்றான் ஒரு படகுக்காரன்.

எனிஃபாவின் முகம் இறுகியது. அவள் அந்தச் செய்தியைக் கேட்டிருக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். உள்ளே போய் வட்டார அலுவலகத்துக்குப் போன் போட்டாள். கதவு திறந்தே இருந்ததால் எல்லோரும் கேட்டார்கள்.

மருந்துக் கிடங்குக்காரர் தயங்கித் தயங்கிப் பேசினார். இரண்டாவது லோடு வழியிலேயே வேறு வட்டாரத்துக்குத் திருப்பிவிடப்பட்டதாம். உங்களுக்குத்தான் வேலை முடிந்துவிட்டதே, இன்னும் தொடங்காதவர்களுக்குக் கொடுப்பதுதானே நியாயம் என்று மண்டல அலுவலகம் சொன்னதாம். காகிதத்தில் இரண்டு லோடுக்கும் சேர்த்து முன்பே கிடங்கில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதனால் மேலே இருப்பவர்களுக்கு இரண்டும் வந்து சேர்ந்த கணக்குத்தான்.

"ஒரு லோடு வச்சிக்கிட்டு ரெண்டு லோடு மருந்து எப்படிய்யா குடுக்க முடியும்? இது என்ன, தண்ணி ஊத்திப் பெருக்குற சாராயமா?"

"எனக்கென்ன தெரியும் சிஸ்டர். மேல சொன்னாங்க, நான் கேட்டுக்கிட்டேன்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். எதுவும் சொல்லாமல் நின்றாள். அவள் மௌனம் ஜனங்களுக்குப் பழக்கமில்லை; அதைக் குற்றத்தின் மௌனமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "வித்துட்டா."

அவள் திரும்பி அந்தத் திசையைப் பார்த்தாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை. அன்று முழுக்க வேலை செய்தாள். சாயங்காலம் கை கழுவும்போது மட்டும் என்னிடம், "தம்பி, என்ன வேணா சொல்லியிருக்கட்டும். வித்துட்டான்னு சொல்லலாமா?" என்றாள். கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரம் புதன்கிழமை சேலேயைக் கதவுப் பலகையில் போட்டுத் தூக்கி வந்தார்கள். இரண்டு தீவுகளுக்கு அப்பால் மீன் முகாமில் இருந்தானாம். படகு கரை சேர்வதற்குள் உடம்பில் நீர் என்று எதுவும் மிச்சமில்லை. கண்கள் குழிக்குள் போயிருந்தன. எனிஃபா இரண்டு கையிலும் நரம்பு தேடினாள். கிடைத்தது, பாட்டில் ஏறியது, ஆனால் உடம்பு ஏற்றுக்கொள்ளும் கட்டத்தைத் தாண்டியிருந்தது. மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் இறந்துபோனான்.

எஸ்னாத் அழவில்லை. எனிஃபாவின் முன்னால் வந்து நின்றாள். "திங்கக்கிழமைன்னு சொன்ன" என்றாள். அவ்வளவுதான். உடலோடு வந்தவர்கள் அவளைக் கூட்டிப் போனார்கள்.

எனிஃபா வெள்ளைச் சீருடையை மாற்றக்கூட இல்லை. "வண்டிய எடு" என்றாள்.

வட்டார அலுவலகத்துக்கு என் மோட்டார் சைக்கிளில் ஒன்றரை மணி நேரம். மழையில் பாதை கரைந்து கிடந்தது. வழி நெடுகப் பின்னால் உட்கார்ந்து அவள் பேசிக்கொண்டே வந்தாள், என்னிடம் அல்ல. "லேப்டாப்ப வச்சிக்கிட்டு எழுதுவான். ஏசி ரூமுல உக்காந்து எழுதுவான். லுபெம்பேல மூவாயிரம் பேரு குடிச்சிட்டாங்கன்னு எழுதுவான். நான் குடுத்தது ஆயிரத்து நானூறு. மீதிய எவன் எழுதினானோ அவன் கையை இன்னிக்கு நான் பாக்கணும்."

கணக்குப் பிரிவில் இருந்தவன் யாமிகானி. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்துவிட்டு வந்த பையன், முப்பது வயதிருக்கும். மரியாதையானவன். ஏசியும் கிடையாது, ஒரு மேசை விசிறிதான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்க சிஸ்டர், உக்காருங்க."

"உக்கார வரல. லுபெம்பேக்கு நீ என்ன எழுதின? காட்டு."

அவன் கணினியைத் திருப்பி வைத்தான். அங்கங்கே போய் ஒவ்வொரு நிலையத்தின் கணக்கையும் வாங்கி, ஒரே அட்டவணையாக்கிப் போனில் அனுப்புகிறவர் மேசன் என்ற மேற்பார்வையாளர். அந்த அட்டவணையை யாமிகானி அப்படியே எடுத்துத் தன் கணக்குத்தாளில் ஒட்டியிருந்தான். லுபெம்பேயின் நேரே ஆயிரத்து நானூறு என்று இருந்தது.

அவள் கணக்கு சரியாகவே இருந்தது.

"அப்ப வேற எவனோ ஏத்தி எழுதியிருக்கான்" என்றாள். "சிலாவேல எவ்வளவு?"

"ஐயாயிரத்து இருபது."

அங்கேயே நின்று சிலாவே நர்ஸுக்குப் போன் போட்டாள். ஐயாயிரத்து இருபதுதான் என்றாள் அவள். கசூஸாவுக்குப் போட்டாள், நாலாயிரத்து இருநூற்றுப்பத்து, அதுவும் சரி. பெஞ்சே, டொண்டே, நியாங்கா என்று ஒருவர் விடாமல் கேட்டாள். எல்லோரும் இதே கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருந்தவர்கள்தான். எல்லோருடைய கணக்கும் திரையில் இருப்பதோடு பொருந்தியது. எங்கேயும் ஒரு எண்கூடக் கூடுதலாக இல்லை. ஆனால் மொத்தம் மட்டும் முப்பத்தேழாயிரத்து இருநூறு.

"நீதான்" என்றாள் யாமிகானியைப் பார்த்து. "ஆறு பேரும் உண்மையச் சொல்லியிருக்கோம். மொத்தத்த நீ ஒருத்தன் எழுதியிருக்க. எவ்வளவு குடுத்தாங்க உனக்கு? அந்த மருந்து எந்தச் சந்தைல இருக்கு?"

அவன் முகம் சிவந்துபோனது. "சிஸ்டர், என்ன வேணா திட்டுங்க. திருடன்னு சொல்லாதீங்க. நான் எழுதல. மெஷின் கூட்டினது. இதோ பாருங்க."

எண்கள் இருந்த பத்தியின் தலையில் ஒருமுறை அழுத்தினான். பத்தி முழுக்க நிறம் மாறியது. திரையின் அடியில், ஓரமாக, கூட்டுத்தொகை தானாக வந்து நின்றது. முப்பத்தேழாயிரத்து இருநூறு.

"பாத்தீங்களா?"

"மெஷின விடு. வாயால கூட்டு. நான் கேக்கணும்."

அவன் பெருமூச்சு விட்டுவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தான். திரையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்து வாசித்துத் தட்டினான்.

"கசூஸா, நாலாயிரத்து எரநூத்திப் பத்து. பெஞ்சே, மூவாயிரத்து நூத்தி அம்பது. டொண்டே, ரெண்டாயிரத்து எண்ணூத்தி எழுபது. சிலாவே, ஐயாயிரத்து இருபது. நியாங்கா, ஆயிரத்து தொள்ளாயிரத்தி அம்பது. லுபெம்பே, ஆயிரத்து நானூறு. எல்லாரும், பதினெட்டாயிரத்து..."

நிறுத்தினான்.

"ஏன் நிறுத்திட்ட? மேல சொல்லு" என்றாள் எனிஃபா.

"எல்லாரும்" என்று அவன் மறுபடி சொன்னான், தனக்குத்தானே. "எல்லாரும்னு ஒரு ஊரு இல்ல."

கால்குலேட்டரின் திரையை எங்கள் பக்கம் திருப்பினான். ஆறு நிலையங்களையும் கூட்டியதில் பதினெட்டாயிரத்து அறுநூறு வந்திருந்தது. கணினியில் கடைசி வரிசையிலும் அதே பதினெட்டாயிரத்து அறுநூறு. மேசன் அட்டவணையை அனுப்பும்போதே ஆறையும் கூட்டி, "எல்லாரும்" என்று பேர் போட்டு அடியில் ஒரு வரிசையாக வைத்திருக்கிறார். யாமிகானி அதையும் இன்னொரு ஊராக நினைத்து, இல்லை, எதுவும் நினைக்காமல், மொத்தப் பத்தியையும் சேர்த்து அழுத்தியிருக்கிறான். மெஷின் ஆறு ஊர்களையும் கூட்டி, அதன்மேல் ஆறு ஊர்களின் மொத்தத்தையும் இன்னொருமுறை கூட்டிவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு எண்ணும் சரி. விடை மட்டும் சரியாக இரண்டு மடங்கு.

கடைசி வரிசையை நீக்கிவிட்டு மறுபடி அழுத்தினான். பதினெட்டாயிரத்து அறுநூறு. நூற்றுக்கு நாற்பத்தொன்பது பேர்.

"கூட்டவே வேண்டியிருக்கல" என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது. "விடை அங்கயே இருந்துச்சு. மேல இருக்கிற ஆறும் அதோட ஒத்துப்போகுதான்னு மட்டும் ஒருதடவை பாத்துட்டு, அதையே அனுப்பியிருக்கணும்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். எனிஃபா நின்றபடியே இருந்தாள். அவள் தேடி வந்தது ஒரு திருடனை. திருடன் இருந்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

"எப்படிப்பா?" என்றாள். இந்தமுறை அது திட்டு இல்லை. "கண்ணு முன்னாடி இருந்துச்சே?"

"டாக்டர் தலைநகர்ல மீட்டிங்ல இருந்தாரு. அங்கேருந்து போன் பண்ணாரு. அட்டவணைய அனுப்பட்டுமான்னு கேட்டேன். 'அதெல்லாம் யாரு படிப்பா, மொத்தம் மட்டும் சொல்லு, மேடைல பேரு கூப்பிடுறாங்க'ன்னாரு. ஒட்டினேன், அழுத்தினேன், சொல்லிட்டேன். அட்டவணையோட அனுப்பியிருந்தா யாராவது ஒருத்தர் கண்ணுல பட்டிருக்கும். ஒரே ஒரு நம்பர் போனா அதுல எதைப் பாக்குறது?"

"பாதிப் பேருக்குத்தான் மருந்தே வந்துச்சுன்னு அவருக்குத் தெரியாதா?"

"தொண்ணூத்தெட்டுன்னு சொன்னதும் ரொம்ப சந்தோஷப்பட்டாரு சிஸ்டர். யாரும் சந்தோஷத்த திருப்பிக் கூட்டிப் பாக்குறதில்ல."

டாக்டர் கலூவாவின் அறைக்கு மூவரும் போனோம். அவர் கெட்ட மனிதர் இல்லை. முந்தைய வருடம் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து எங்கள் நிலையத்தில் தங்கி வைத்தியம் பார்த்தவர். யாமிகானி தாளில் எழுதிக் காட்டியதைப் பார்த்துக்கொண்டே வந்தவர், பாதியில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். புரிந்துவிட்டது.

"சரி. தப்பு நடந்திருக்கு" என்றார். "காலாண்டு அறிக்கைல திருத்திடலாம்."

"காலாண்டுன்னா?" என்றாள் எனிஃபா.

"இன்னும் ரெண்டு மாசத்துல போகும். அமைதியாத் திருத்தலாம் சிஸ்டர். ரேடியோவுல சொல்லியாச்சு, மந்திரி வாழ்த்துக் கடுதாசி அனுப்பியிருக்காரு. இப்பப் போயி பாதிதான்னு சொன்னா, நாளைக்கு நம்ம எந்தக் கணக்கையும் யாரும் நம்ப மாட்டாங்க. அடுத்த வருஷம் மருந்துக்கே சிக்கல் ஆகும்."

"காலரா காலாண்டு பாத்தா வருது டாக்டர்?"

"நான் சொல்றது புரியுதா..."

"நேத்து வரைக்கும் உசுரோட இருந்த ஒருத்தன இன்னிக்குக் காலைல துணி போட்டு மூடிட்டு வர்றேன். அவன் உங்க தொண்ணூத்தெட்டுல இருக்கான். செத்துப்போனவன் மருந்து குடிச்சவன்னு உங்க கணக்குல இருக்கான். எனக்கு நல்லாப் புரியுது."

டாக்டர் கலூவா கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். நாங்கள் வெளியே வந்தோம். வாசலில் சோளக்களியும் பயறும் விற்கிற அம்மாளிடம் எனிஃபாவுக்கு ஒரு தட்டு வாங்கிக் கொடுத்தேன். தொடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எல்லா நிலையங்களின் பொறுப்பாளர்களும் மண்டல அதிகாரியோடு ஒரே போனில் சேர்ந்து பேசும் நாள். மண்டல அதிகாரி திருமதி ந்டாலாமா கறாரான பெண்மணி. கூட்டம் தொடங்கியதும் எங்கள் வட்டாரத்தைத்தான் முதலில் பாராட்டினார். டாக்டர் கலூவாவும் இணைப்பில் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனிஃபா போனை மேசைமேல் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"மேடம், லுபெம்பேலேருந்து எனிஃபா. ஒரு நிமிஷம் குடுங்க. பேனாவும் தாளும் எடுத்துக்கிறீங்களா?"

"எதுக்கு சிஸ்டர்?"

"நீங்களே கூட்டணும், நான் எதுவும் சொல்ல மாட்டேன். லுபெம்பே ஆயிரத்து நானூறு. எழுதிக்குங்க. சிலாவே அக்கா, உங்க கணக்கச் சொல்லுங்க."

சிலாவே நர்ஸ் சொன்னாள். அவளுக்குப் பின் கசூஸா. அவர்களுக்குள் முந்தின நாள் ராத்திரியே பேச்சு ஆகியிருக்க வேண்டும். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தயங்காமல் ஆரம்பித்தார். பெஞ்சே, டொண்டே, நியாங்கா. போனில் பேனா தாளில் உரசுவது மட்டும் கேட்டது.

"பதினெட்டாயிரத்து அறுநூறு வருது" என்றார் திருமதி ந்டாலாமா. "வேற நிலையம் யாரும் இல்லையா?"

"ஆறுதான் மேடம்."

"எனக்கு முப்பத்தேழாயிரத்து இருநூறுன்னு வந்திருக்கே."

"அதப் பாதியாப் பிரிச்சுப் பாருங்க மேடம்."

பிறகு, "டாக்டர் கலூவா, லைன்ல இருக்கீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்ட குரல் இருக்கிறதே, அதைக் கேட்டு என் முதுகு நிமிர்ந்தது. டாக்டர் பதில் சொல்லுமுன் இன்னொரு குரல் குறுக்கே வந்தது. யாமிகானி. அவன் இணைப்பில் இருப்பது எங்களுக்கே தெரியாது. "மேடம், கூட்டினது நான். அட்டவணைல கடைசி வரிசை ஏற்கெனவே மொத்தம். அதையும் சேத்துக் கூட்டிட்டேன். அட்டவணைய இப்ப உங்களுக்கு முழுசா அனுப்பியிருக்கேன்."

திருப்பிவிட்ட லோடு எங்கே என்று தேடினார்கள். அந்த வட்டாரத்தில் பாதியைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அதை யார் போய்ப் பிடுங்குவது? மீதி எங்களுக்கு வந்தது, அடுத்த புதன்கிழமை. போதாதது தலைநகரிலிருந்து பின்னால் வந்தது. அதற்குள் லுபெம்பேயில் இன்னும் இரண்டு பேர் போனார்கள். ஒன்று, நடக்கப் பழகிக்கொண்டிருந்த குழந்தை.

மருந்து வந்த அன்று எனிஃபா படகின்மேல் ஏறவில்லை. வரிசை தானாக நின்றது. எஸ்னாத்தும் வந்து நின்றாள், யாரும் கூப்பிடாமல். அவள் முறை வந்ததும் குப்பியை வாங்கி, எனிஃபாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். காலிக் குப்பியைக் கையில் கொடுக்காமல் அவள் காலடியில் போட்டாள். எனிஃபா குனிந்து எடுத்தாள். எஸ்னாத்தின் கையைப் பிடித்துச் சுண்டுவிரலில் மை வைத்தாள். எஸ்னாத் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மையைத் துணியில் துடைத்துக்கொண்டே போனாள். அது போகிற மை இல்லை.

சேலேயின் பங்கை யாருக்குக் கொடுப்பது என்று எனிஃபா என்னைக் கேட்டாள். "வரிசைல கடைசில நிக்கிறவங்களுக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது?

காலாண்டு அறிக்கை வந்தபோது அதில் "தகவல் சீரமைப்பு காரணமாக எண்ணிக்கையில் மாற்றம்" என்று ஒரு வரி இருந்தது. தவறு என்ற சொல் எங்கேயும் இல்லை. யாமிகானிக்கு மட்டும் எச்சரிக்கைக் கடிதம். அதைக் கேட்டதும் எனிஃபா மறுபடி என் வண்டியில் ஏறினாள். அவனைத் திருடன் என்று திட்டியவளே டாக்டர் கலூவாவின் மேசைமேல் கையூன்றி நின்றாள்.

"அவனுக்குக் கடுதாசி குடுத்தது சரிதான். பாக்காம அழுத்தினான். ஆனா ரெண்டாவது கடுதாசி எங்க?"

"யாருக்கு?"

"மொத்தம் மட்டும் போதும்னு கேட்டவருக்கு. பாதி மருந்து கிடங்குக்கே வரலன்னு தெரிஞ்சும் தொண்ணூத்தெட்டக் கேட்டுட்டு மேடை ஏறினவருக்கு. அந்தப் பையன் தப்ப அவனே கண்டுபிடிச்சான், அவன் வாயாலயே சொன்னான். நீங்க காலாண்டுக்குப் போகலாம்னீங்க. இதுல யாரு டாக்டர் பெரிய தப்புக்காரன்? நீங்களே கூட்டிச் சொல்லுங்க."

டாக்டர் அவளை வெளியே போகச் சொன்னார். அவள் போனாள். ஆனால் அதே வார்த்தைகளை எழுத்தில் வைத்து, ஆறு நிலையங்களின் பொறுப்பாளர்களிடமும் கையெழுத்துக் கேட்டு, மண்டலத்துக்கு அனுப்பினாள். நான்கு பேர் போட்டார்கள், அவளையும் சேர்த்து. மற்ற இரண்டு பேருக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது.

கடிதம் யாமிகானியின் கோப்பில் இன்னும் இருக்கிறது. எடுக்கவில்லை. ஆனால் மண்டலத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது: இனிமேல் எந்த மொத்தமும் தனியாகப் போகக் கூடாது, எத்தனை நிலையங்களின் கணக்கு அது, அட்டவணையில் மொத்த வரிசை ஏற்கெனவே இருந்ததா, இருந்தால் மற்ற வரிசைகளோடு ஒத்துப்போனதா என்று அதன் கீழே ஒரு வரி எழுத வேண்டும். யாமிகானிதான் அந்த வரியை முதலில் எழுதினான். இப்போது எங்கள் கரை முழுக்க எழுதுகிறார்கள். டாக்டர் கலூவா அடுத்த வருடமே தலைநகருக்குப் போய்விட்டார், மேலே.

எனிஃபா, தன் மகள் இருக்கிற ஊருக்கு மாற்றல் கேட்டிருந்தாள். அந்த விண்ணப்பத்துக்கு இதுவரை பதில் இல்லை. சையிதி அதற்கும் ஏதோ லாப நஷ்டம் சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். வாரத்துக்கு ஒருநாள் அவள் மீன் மேடைகளின் பக்கம் நடக்கிறாள். எஸ்னாத்திடம் பொடிமீன் வாங்குகிறாள். எஸ்னாத் அளந்து போடுகிறாள், விலையைச் சொல்கிறாள். அதற்கு மேல் ஒரு பேச்சும் கிடையாது. "வேற கடைல வாங்கலாமே சிஸ்டர்" என்று நான் ஒருதரம் சொன்னேன்.

"ஏன்? அவ பேசாம இருக்கிறது நியாயம். நான் வாங்காம இருந்தா அது நியாயமா?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.